பத்து மைல், ஐயாயிரம் மைல்

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் கோட்டூர்புரம் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் கறுப்பாக ஒரு தண்ணீர் தெரியும். பெரும்பாலானவர்கள் அதைக் கூவம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது பக்கிங்ஹாம் கால்வாய். ரயில்பாதையின் தூண்கள் அதற்குள்ளேயேதான் நிற்கின்றன. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிற எனக்கு, வேளச்சேரியில் வண்டியைப் போட்டுவிட்டு மயிலாப்பூர் போக இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதனால் அந்தக் கால்வாயை வருஷக்கணக்காக மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆந்திரத்திலிருந்து வருகிற மொத்தக் கால்வாயும் ஒரே காலத்தில் வெட்டப்பட்டதல்ல. ஆனால் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற இந்த எட்டு கிலோமீட்டர்த் துண்டு 1877, 78 வாக்கில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு, அதனால் அந்தப் பெயர்.

நம் பாட்டிமார்கள் தாது வருஷத்துப் பஞ்சம் என்று சொன்னது இதைத்தான். 1876இல் மழை பொய்த்தது. இரண்டு வருஷத்தில் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம், ஐதராபாத் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு கோடியை நெருங்கும் என்று சொல்கிற வரலாற்றாசிரியர்களும் உண்டு.

இந்தப் பஞ்சத்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது வேறொரு கேள்விக்காக. பக்கத்தில் நடக்கிற துயரம் நம்மை உலுக்குகிறது, தூரத்தில் நடப்பது உலுக்குவதில்லை. இது இயற்கைதானே, இதில் தப்பென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தப்புதான், தூரம் ஒரு சாக்கு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புமே தூரம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும் என எடுத்துக்கொண்டு பேசுகின்றன. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுக்குள் போயின. அன்றிலிருந்து பத்து நாளைக்கு எங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஆளே இல்லை. கம்ப்யூட்டரைத் தவிர எதையும் தூக்கியறியாத பையன்கள் அரிசி மூட்டை தூக்கினார்கள், எக்செல் ஷீட்டில் படகுக் கணக்கு வைத்தார்கள். உலகமெங்குமிருந்து பணம் வந்தது. ஆனால் கடலூர் மாவட்டம் அந்த நவம்பர் 9ஆம் தேதியே மூழ்கியிருந்தது. தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் நாலு மணி நேரம். மூன்று வாரமாக அங்கே தண்ணீர் நின்றதை நாங்கள் டிவியில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சென்னை மூழ்கிய பிறகுதான் நிவாரண லாரிகள் கடலூருக்கும் பெரிய அளவில் போயின.

இதே எங்கள் அடுக்ககத்தில் ஒரு பட்டுக்கோட்டைக்காரர் இருக்கிறார். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அவர் தூங்கவில்லை. விடிந்ததும் லிஃப்ட் பக்கத்தில் நின்று, "அவ்வளவு மரமும் போச்சு சார்"னு சொன்னார். அவருக்குப் பட்டுக்கோட்டை முந்நூற்றைம்பது கிலோமீட்டர் இல்லை, வீட்டு வாசல். மற்ற எங்களுக்கு அது டெல்டா. அடுக்கக வாட்ஸப் குழுவில் அன்று காலை ஓடிய விவாதம் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது. ஒரே கட்டடம், ஒரே புயல், வெவ்வேறு தூரம்.

ஆக மைல்கல்லை வைத்து இதை அளக்க முடியாது. பின் எதை வைத்து அளப்பது? தாது வருஷத்தில் இதற்கு ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அங்கே பட்டினியை மிகப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் சோற்றைக் குறைத்தார். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவர்கள் பணம் அனுப்பினார்கள்.

பக்கத்தில் நின்றவரின் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அவரைக் கொடூரன் என்று சொல்லிவிட்டால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் செய்தது வேறு. 1873, 74இல் பீகாரிலும் வங்காளத்திலும் விளைச்சல் பொய்த்தபோது அங்கே பொறுப்பில் இருந்தவர் இதே டெம்பிள்தான். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி வாங்கி இறக்கினார். வேலை கேட்டவனுக்கு வேலை, முடியாதவனுக்குச் சோறு. அரசாங்கக் கணக்குப்படி பட்டினியால் செத்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான். லட்சமில்லை, ஆயிரமில்லை, வெறும் இருபத்துச் சொச்சம். காலனி ஆட்சிக் காலம் முழுவதிலும் இப்படியொரு பஞ்ச நிவாரணம் வேறு நடந்ததாக எனக்குத் தெரியாது.

அதற்கு டெம்பிளுக்குக் கிடைத்தது திட்டு. லண்டனில் அவர் ஊதாரி என்று பெயர் வாங்கினார். தி எகானமிஸ்ட் பத்திரிகை வரைக்கும் விமரிசனம் போனது. இந்தியர்களை உயிரோடு வைத்திருப்பது அரசாங்கத்தின் கடமை என்று அவர்களையே நம்பவைத்துவிட்டாரே என்பதுதான் புகாரின் சாரம். அரிசி மிஞ்சிப்போனதும் அவர் மேல்தான் விழுந்தது. எத்தனை பேர் சாகவில்லை என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது, எத்தனை மூட்டை மிஞ்சியது என்பதற்கு உண்டு. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது பழகின விஷயம். நடக்காத விபத்துக்கு யாரும் பாராட்டு மின்னஞ்சல் அனுப்புவதில்லை.

1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார். விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய வைஸ்ராய் லிட்டன் பிரபு நடத்திய திருவிழா அது. ஒரு வாரம் விருந்து. சென்னைக் கவர்னரும் போகவேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பெல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆற்காடு, சேலம் எல்லாம் காய்ந்து கிடந்தன. பக்கிங்ஹாம் அரசாங்கம் கொஞ்சம் முன்யோசனையாக 30,000 டன் தானியத்தைச் சத்தமில்லாமல் ஒரு வணிக நிறுவனம் மூலம் வாங்கச் சொல்லியிருந்தது. விஷயம் தெரிந்ததும் கல்கத்தாவிலிருந்து கண்டனம் வந்தது. அரசாங்கம் தானியச் சந்தையில் கைவைக்கக் கூடாது, விலை ஏறினால் வியாபாரி தானே சரக்கைக் கொண்டுவருவான் என்றார்கள். சென்னை அதிகம் செலவழிக்கிறது என்பது லிட்டனின் கவலை. கணக்கைச் சரிபார்க்க ஒருவரை அனுப்பவேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் டெம்பிள்.

யோசித்துப் பாருங்கள். அதிகம் செலவழித்ததற்காகத் திட்டு வாங்கியவனிடமே செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் என்ன செய்வார் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான்.

டெம்பிள் சோம்பேறி அல்ல. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார், முகாம்களுக்குள் நேரில் போனார், வேலைசெய்கிறவர்களைக் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, நிவாரண வேலையில் இருக்கும் ஓர் ஆணின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் கூடவே கொஞ்சம் சில்லறையும் என்று நிர்ணயித்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதற்கும் கீழே. அதற்கு முன் கணக்கு ஒன்றரை பவுண்டாக இருந்தது. வரலாற்றில் இதற்கு டெம்பிள் கூலி என்றே பெயர்.

ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். அரிசியாக வைத்துக்கொண்டால் நூறு கிராமுக்கு 350 கலோரி, மொத்தம் 1,600 கலோரிக்குக் கொஞ்சம் கீழே. அந்தச் சில்லறையில் உப்பு, புளி, மிளகாய், விறகு எல்லாம் வாங்கவேண்டும். மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம் கலோரியாவது வேண்டும் என்று இன்றைக்குச் சொல்வார்கள். அதாவது அவன் பாதி வயிற்றோடு வேலை செய்கிறான், மீதிப் பாதியைத் தன் உடம்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறான். ஏற்கெனவே இரண்டு மூன்று மாதம் பட்டினி கிடந்துவிட்டு முகாமுக்கு வந்தவனுக்கு எடுக்க என்ன இருக்கும்?

இதைவிட என்னை நிறுத்தியது இன்னொரு விதி. அதற்குத் தூரச் சோதனை என்று பெயர். உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் வேலை தரக்கூடாது. பக்கத்திலேயே வேலை கொடுத்தால் தேவையில்லாதவனும் வந்துவிடுவான், உண்மையிலேயே பசிக்கிறவன் பத்து மைல் நடந்து வருவான் என்பது தர்க்கம். அதாவது தூரத்தை ஒரு வடிகட்டியாக வைத்தார்கள். பசி எவ்வளவு என்பதை அளக்கத் தூரத்தையே தராசாக்கினார்கள். எங்கள் கணக்கில் சொன்னால் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரனுக்குச் சைதாப்பேட்டையில் வேலை: போவதும் வருவதும் நடந்து, கூலி ஒரு பவுண்டு அரிசி. நடக்க முடியாத அளவுக்குப் பசித்தவன் இந்தச் சோதனையில் தேறமாட்டான். இப்படி வடிகட்டினால் தேவையில்லாதவர்கள் மட்டுமா கழிவார்கள்?

டெம்பிளை எதிர்த்தவரும் பக்கத்திலேயே நின்றவர்தான். வில்லியம் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர், மருத்துவர். அவர் கருணையைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் பேசியது உணவைப் பற்றி. உழைக்கிறவனுக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், சிறைக் கைதிக்குக்கூட இதைவிட அதிகம் போடுகிறோம் என்றார். பட்டினியின் வேலை மெதுவாக நடக்கும், ஒருவன் இன்று எழுந்து நிற்கிறான் என்பதால் அவனுக்குச் சோறு போதுகிறது என்று முடிவுகட்ட முடியாது என்று வாதாடினார். டெம்பிள் முகாமில் நின்று கொண்டிருப்பவர்களைப் பார்த்தார். கார்னிஷ் இரண்டு மாதம் கழித்து அவர்கள் என்ன ஆவார்கள் என்று பார்த்தார். அந்த வசந்தத்திலேயே சென்னை அரசாங்கம் கூலியை ஓரளவு உயர்த்தியது. முழுக்க கார்னிஷ் கேட்ட அளவுக்கு அல்ல, பாதி வழிக்கு.

சரி, டெம்பிளுக்குக் கண் இருந்தது, முகாமுக்குள் போகக் கால் இருந்தது. அவருக்கும் அந்த மனிதர்களுக்கும் இடையே சில அடிதான். இருந்தும் ஏன் அது வேலைசெய்யவில்லை? என் விடை எளிமையானது. அவர் கணக்குச் சொல்லவேண்டியது அவர்களுக்கு அல்ல. எதிரே நிற்கிற சேலத்துக்காரன் அவரைக் கேள்வி கேட்க முடியாது. அவரைக் கேட்கப்போவது கல்கத்தா. கல்கத்தாவைக் கேட்கப்போவது லண்டன். அந்தச் சங்கிலியில் அவர் ஒருமுறை அடிவாங்கியிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் பீகாரில் இருந்த அதே மனிதர், அதே கண்தான். மாறியது அவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்பது மட்டும்தான். லிட்டனும் அந்த வருஷக் கடைசிக்குள் நேரில் வந்து முகாம்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு மனைவிக்கு எழுதிய கடிதத்தில், உல்லாசப் பயணம் மாதிரி இருக்கிறது, எல்லாரும் கொழுத்துப்போயிருக்கிறார்கள் என்கிற தொனியில் எழுதினார். நேரில் பார்த்தால் மனம் இளகும் என்பதை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

இப்போது ஐயாயிரம் மைலுக்கு வருவோம்.

1877 ஆகஸ்ட் 4. தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டுவிட்ட நேரம். சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது, கவர்னர் தலைமையில். லண்டன் மேயருக்கும் பிரிட்டனின் மற்றப் பெரிய நகரங்களுக்கும் உதவி கேட்டுத் தந்தி அடிப்பது என்று முடிவானது. இதன் பின்னால் ஓடியாடியவர் வில்லியம் டிக்பி, மெட்ராஸ் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர். நிவாரண நிதிக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். மறுவருஷமே இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். நாம் இன்றைக்குத் தெரிந்துவைத்திருப்பதில் பெரும்பகுதி அதிலிருந்து வருவதுதான். தந்தி என்பது சின்ன விஷயமல்ல. கடலடிக் கம்பி பம்பாய்க்கு வந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் கப்பலில் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும். இப்போது சென்னையில் அடித்த செய்தி மறுநாள் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதுவரைக்கும் லண்டனுக்குத் தெரிந்த பஞ்சம் அரசாங்கம் சொன்ன பஞ்சம். முதல் தடவையாகச் செத்துக்கொண்டிருந்த ஊரிலிருந்தே நேராகக் குரல் போனது. லிட்டனுக்கு இது பிடிக்கவில்லை. தன்னைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் அவருடைய கோபம்.

லண்டன் மேயர் மாளிகையில் நிதி திறந்தார்கள். அதன் பெயரே மேன்ஷன் ஹவுஸ் நிதி. சில மாதங்களில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதில் லங்காஷயரின் பங்கு பெரிது. பஞ்சாலை ஊர்கள் அவை. இந்தியாவைப் படத்தில்கூட பார்த்திராத ஜனங்கள்.

படத்தில் பார்த்திராத என்றேன், ஆனால் அதுவும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி ஹூப்பர் என்பவர் பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கும், ராத்திரியில் பார்க்காதீர்கள். லண்டன் வாரப்பத்திரிகைகளில் அந்த அக்டோபரில் பஞ்சக் காட்சிகள் செதுக்குப் படங்களாக வந்தன. ஐம்பது லட்சம் என்கிற எண் செய்யாததை எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் முகம் செய்யும். 2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாலி நாட்டு ரோக்கியா என்கிற ஏழு வயதுச் சிறுமியைக் காட்டிக் கேட்டபோது ஜனங்கள் அதிகம் கொடுத்தார்கள், ஆப்பிரிக்கப் பசியின் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கேட்டபோது குறைவாகக் கொடுத்தார்கள். இதில் வயிற்றைக் கலக்குகிற பகுதி அடுத்ததுதான். ரோக்கியாவையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோதும் கொடுப்பது குறைந்துபோனது. எண் தெரிந்ததும் முகம் மங்கிவிடுகிறது. ஆகவே உணர்ச்சியை நம்பி ஓர் அறத்தைக் கட்டுவது ஆற்று மணலில் வீடு கட்டுவது மாதிரிதான். முடிச்சூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

லங்காஷயர் கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம், அதையும் சொல்லவேண்டும். அவர்கள் நெய்த துணியை வாங்கியது இந்தியா. அந்த வருஷங்களில் இந்தியக் கோதுமை கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. லண்டன்காரன் சாப்பிட்ட ரொட்டியில் ஒரு பங்கு பஞ்சம் பிடித்த நாட்டுடையது. ரயில்பாதை பஞ்சத்துக்கு மருந்து என்றார்கள். தானியத்தை உள்ளே கொண்டுவருகிற அதே பாதை விலை நன்றாக இருக்கிற இடத்துக்கு அதை வெளியேயும் கொண்டுபோனது. சட்டைக்கும் ரொட்டிக்கும் இவ்வளவு பக்கமாக இருந்தது சென்னை. பிறகு எந்த அர்த்தத்தில் அது தூரம்?

தூரத்துத் துயரத்தைப் பற்றி எழுதுகிற எவரும் ஆடம் ஸ்மித்திடம் போவார்கள். 1759இல் அறவுணர்வுகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு கற்பனை வருகிறது. சீனா முழுவதும் பூகம்பத்தில் விழுங்கப்பட்டதாக ஐரோப்பாவில் ஒரு நல்ல மனிதர் கேள்விப்படுகிறார். வருந்துவார், வாழ்க்கையின் நிலையாமையைப் பற்றிப் பேசுவார், அப்புறம் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். ஆனால் நாளைக்குத் தன் சுண்டுவிரலை இழக்கப்போகிறோம் என்று தெரிந்தால் அன்றிரவு தூக்கம் வராது. பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்மித் நிறுத்தவில்லை. அந்தச் சுண்டுவிரலைக் காப்பாற்றக் கோடிக்கணக்கான சீனர்களைச் சாகவிட அதே மனிதர் சம்மதிப்பாரா என்று கேட்கிறார். மாட்டார். ஏன்? மனம் இளகுவதால் அல்ல, அது எப்போதும் பலவீனமானது. தனக்குள்ளே உட்கார்ந்து, நீ கூட்டத்தில் ஒருவன்தான், மற்றவர்களைவிட எந்த விதத்திலும் பெரியவன் இல்லை என்று சொல்கிற ஒரு நடுவர் இருப்பதால். உணர்ச்சி தூரத்தோடு சுருங்கும், கடமை சுருங்கவேண்டியதில்லை என்பதுதான் ஸ்மித் சொன்னது.

அதே ஸ்மித் 1776இல் எழுதிய இன்னொரு நூலில், தானியப் பற்றாக்குறையைப் பஞ்சமாக்குவது அரசாங்கத்தின் தலையீடுதான் என்றும் எழுதினார். இந்தியாவை ஆண்டவர்கள் பிடித்துக்கொண்டது இதை. கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் மால்தஸே ஆசிரியராக இருந்தார். லிட்டன் காலத்துக்குள் அது வேதவாக்கு ஆகிவிட்டது. ஒரே ஆசிரியரின் இரண்டு புத்தகங்களில் சென்னைக்குக் கப்பலேறியது இரண்டாவது மட்டும்தான்.

இருநூறு வருஷம் கழித்து பீட்டர் சிங்கர் இன்னும் கறாராகச் சொன்னார். 1971இல் எழுதி மறுவருஷம் வெளியான அவருடைய கட்டுரை தத்துவ வகுப்புகளில் இப்போது பாலபாடம். குட்டையில் குழந்தை முழுகுகிறது, இறங்கினால் என் உடை சேறாகும், அவ்வளவுதான் நஷ்டம். இறங்கவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியென்றால் அந்தக் குழந்தை பத்து கஜத்தில் இருந்தால் என்ன, பத்தாயிரம் மைலில் வங்காளத்தில் இருந்தால் என்ன என்று கேட்டார். அப்போது கிழக்கு வங்காளத்திலிருந்து தொண்ணூறு லட்சம் அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள்.

சிங்கரின் வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஆனால் அது தனியாள் ஒருவனைக் குட்டையின் கரையில் நிறுத்திவைத்துவிட்டு அவனையே எல்லாவற்றுக்கும் பொறுப்பாக்குகிறது. அதே 1971இல் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். நவம்பரிலிருந்து தபால்களில் வழக்கமான ஸ்டாம்போடு இன்னொரு ஐந்து பைசா ஸ்டாம்பும் ஒட்டச் சொன்னார்கள். அகதிகள் நிவாரணம் என்று அதில் அச்சிட்டிருக்கும். 1973 வரை அது ஓடியது. தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பெண் பார்த்த விவரம் எழுதியவர்களும் அந்த ஐந்து பைசாவைக் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வங்காள அகதியை நினைத்து உருகியிருப்பார்கள்? சிலர் சலித்துக்கொண்டும் ஒட்டியிருப்பார்கள். பரவாயில்லை. எந்த முகத்தையும் காட்டாமல், எவர் கண்ணீரையும் எதிர்பார்க்காமல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வேளைச் சோற்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்தச் சின்ன ஸ்டாம்ப் லங்காஷயரின் நன்கொடையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நன்கொடைக்குச் செதுக்குப் படம் தேவைப்பட்டது, ஸ்டாம்புக்கு அது தேவைப்படவில்லை.

"அப்போ பக்கத்துல இருக்கிறவனுக்கு ஸ்பெஷலா எதுவுமே செய்யக்கூடாதா?" என்று இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்த நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்று உண்டு, அது அறிவு. 2015இல் எந்தத் தெருவில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று முடிச்சூர்க்காரருக்குத்தான் தெரியும், டெக்சாஸிலிருந்து டாலர் அனுப்பியவருக்குத் தெரியாது. 1877இலும் அப்படித்தான். லண்டன் பணம் வந்து சேர்ந்ததும் அதை எப்படிச் செலவிடுவது என்பதில் தகராறு வந்தது. அரசாங்கம் செய்கிற வேலையில் தலையிடாமல், அரசாங்க நிவாரணம் எட்டாதவர்களுக்கு மட்டும் கொடுக்கவேண்டும் என்பது உடன்பாடு. யார் அந்த எட்டாதவர்கள்? கௌரவம் பார்த்துக் கஞ்சித்தொட்டிக்கு வராதவர்கள், வீட்டுக் கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டுவிட்டவர்கள், மாட்டையே விற்றுவிட்ட சம்சாரிகள், விதைநெல்லைச் சமைத்துத் தின்றுவிட்டவர்கள். இவர்களை ஊரில் இருக்கிறவர்களால்தான் அடையாளம் காண முடியும். அதனால் மாவட்டங்களில் உள்ளூர்க் குழுக்கள் அமைத்தார்கள். பணத்தில் பெரும்பங்கு விதைக்கும் உழவுமாட்டுக்கும் கூரைக்கும் போனது. அடுத்த மழைக்கு ஒருவன் சொந்த நிலத்தில் மறுபடி ஏர் பூட்டவேண்டும் என்பதுதான் நோக்கம். தூரத்தில் இருந்தவர்கள் பணம் கொடுத்தார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் கொடுத்தார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று நடந்திருக்காது.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை அந்தப் பஞ்சத்தில் தன் சொந்தப் பொருளையெல்லாம் கொடுத்தார், கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் பாடியிருக்கிறார். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று நாம் நினைவு வைத்திருப்பவர்தான். அது உண்மையான பெருந்தன்மை. ஆனால் அவருடைய கை மாயூரம் வரைக்கும்தான் நீளும். பெல்லாரிக்கு நீளாது. வட ஆற்காட்டுக்காரனுக்கும் பெல்லாரிக்காரனுக்கும் மாயூரத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்று நாம் சொல்ல முடியாதல்லவா? ஈழத்தை ஏன் பேசவில்லை என்று சிலர் கேட்பீர்கள். முப்பது சொச்சம் கிலோமீட்டர்க் கடல் எவ்வளவு அகலமாகும் என்பது தனியாக எழுதவேண்டிய கட்டுரை, இதன் ஓரத்தில் ஒரு பத்தியாக வைக்க எனக்கு மனமில்லை.

அமர்த்தியா சென், சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் இருக்கிற நாட்டில் பெரும் பஞ்சம் வராது என்று சொன்னதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தூரத்தின் மொழியில் படித்தால், ஆள்கிறவன் பட்டினி கிடக்கிறவனிடம் வந்து பதில் சொல்லவேண்டியிருந்தால் டெல்லிக்கும் காலகண்டிக்கும் நடுவிலுள்ள கிலோமீட்டர்கள் சுருங்கும். கடலூரின் நவம்பருக்கும் சென்னையின் டிசம்பருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் கேமரா எங்கே இருந்தது என்பது. கேமராவுக்கு அப்பால் இருக்கிறவன் எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது என்பதற்கு நம்மிடம் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை. ஐந்து பைசா ஸ்டாம்ப் மாதிரி ஒன்று புயலுக்கு ஏன் இல்லை என்று பட்டுக்கோட்டைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். "சார், மரம் வெச்சு காய்ப்புக்கு வர ஏழு வருஷம் ஆவும். லாரி ஒரு வாரம்தான் வந்துச்சு" என்றார்.

1877 நவம்பரில் மழை பெய்தது. இனி வசூலை நிறுத்திக்கொள்ளலாம், நன்றி என்று சென்னையிலிருந்து லண்டனுக்குச் செய்தி போனது. பிரிட்டனில் பட்டியல்களை மூடினார்கள். மழையோடு காய்ச்சல் வந்தது. மாதக்கணக்காகப் பட்டினியில் வற்றிப்போன உடம்புகளில் அது சுலபமாக இறங்கியது. பயிர் தலைநிமிர்ந்து நின்ற வயல்களுக்குப் பக்கத்தில், 1878க்குள்ளும், ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றித் தந்தி எதுவும் போகவில்லை.